அடைவு நகையும் ஆண்டிறுதிக் கணக்கும்

2013 சித்திரைப் புத்தாண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமையும் பிந்திய திங்கட்கிழமையும் உலகச் சந்தையில் தங்கம் விழுந்தது. அவுன்ஸ் ஒன்றுக்கு 1,560 டொலர் அளவில் நின்ற விலை, அந்த இரண்டு வர்த்தக நாட்களில் 1,400க்குக் கீழே போனது. திங்கட்கிழமை நடந்தது, முப்பது ஆண்டுகளில் ஒரே நாளில் கண்ட மிகப் பெரிய சரிவு. அந்த ஆண்டு முடியும்போது விலை 1,200 டொலர் அளவுக்கு வந்துவிட்டது.

இலங்கையில் வங்கியும் நிதிக் கம்பனியும் நகையை வாங்கிக் கடன் கொடுப்பது சில்லறைத் தொழில் அல்ல. மக்கள் வங்கி முதல் தனியார் வங்கிகள் வரை, 2011, 2012 ஆண்டுகளில் அடைவுக் கடனை வேகமாக வளர்த்திருந்தன. நல்லூரில் இருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் நடந்தால் எத்தனை பெயர்ப்பலகையில் ‘தங்கக் கடன்’ என்று எழுதியிருக்கிறது என்று பார்த்தாலே போதும். கமம் தொடங்கவும், பிள்ளையின் படிப்புக்கும், வெளிநாட்டுப் பயணத்துக்கும் முதலில் கை போவது காப்பிலும் சங்கிலியிலும்தான். தங்கம் விழுந்தபோது அந்தக் கடன்களின் அடியில் இருந்த ஈடும் விழுந்தது. பலர் நகையை மீட்க வரவில்லை. வங்கிகளின் இலாபம் அடிவாங்கியது. 2014இல் மத்திய வங்கி அடைவுக் கடன்களுக்கென்றே ஒரு கடன் உத்தரவாதத் திட்டத்தைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

அந்த நட்டம் ஏன் வந்தது என்பதற்குத் தங்க விலை விடை சொல்லிவிடும். 2012 டிசம்பர் 31 கணக்கில் அது ஏன் தெரியவில்லை என்பதும், தெரிய வேண்டியிருந்ததா என்பதும்தான் கணக்காய்வாளரின் கேள்விகள்.

ஒரு பவுணை எடுத்துப் பார்ப்போம். 8 கிராம், 22 கரட். அதற்குள் சுத்தத் தங்கம் 7.33 கிராம். 2012 முடிவில் உலக விலை ஏறத்தாழ 1,660 டொலர், டொலர் ஏறத்தாழ 127 ரூபாய். உலக விலையை மட்டும் வைத்துப் பெருக்கினால் அந்தப் பவுண் 49,700 ரூபாய். அதன் 80 சதவீதத்துக்குக் கடன் கொடுத்திருந்தால் 39,800 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கும். ஆண்டுக்கு 18 சதவீத வட்டி என்று வைத்தால் ஒரு வருடம் கழித்து வர வேண்டியது 46,900. ஆனால் 2013 முடிவில் 1,200 டொலர், 131 ரூபாய் என்று கணக்குப் போட்டால் அதே பவுண் 37,100தான். நகைக்காரர் 46,900 கட்டி 37,100 பெறுமதியான பொருளை மீட்க வேண்டும். கடையில் புதிதாக வாங்குவது மலிவு. மீட்க வராதவரை நாணயமற்றவர் என்று சொல்ல முடியாது, கணக்குத் தெரிந்தவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

இங்கே கவனிக்க ஒரு விடயம் உண்டு. 2012 தொடக்கத்தில் டொலர் 114 ரூபாயாக இருந்தது. அந்த ஆண்டு ரூபாய் விழுந்ததால், டொலரில் தங்கம் தயங்கி நின்றபோதும் ரூபாயில் ஆண்டு முடிவில் நன்றாக ஏறியிருந்தது. கிளையில் இருந்து பார்த்தவர்களுக்கு உச்சி வந்துவிட்டது தெரிந்திராது. டொலரிலேயே தங்கம் 2001 முதல் 2012 வரை ஒவ்வொரு ஆண்டும் முந்திய ஆண்டைவிட உயர்ந்துதான் முடிந்தது. பத்து வருட ஆண்டிறுதி விலைகளை வைத்துக் கணித்த எந்த மாதிரியிலும் ‘விழுதல்’ என்ற அனுபவமே இல்லை. 1980 ஜனவரியில் 850 டொலரைத் தொட்ட தங்கம் 1999இல் 250 டொலர் அளவுக்கு வந்த கதை தரவுக்கு வெளியே இருந்தது.

அன்றைய கணக்கியல் நியமமும் வங்கிகளுக்கு வசதியாகத்தான் இருந்தது. இலங்கை 2012 முதல் சர்வதேச நியமங்களுக்கு மாறியது. அப்போது நடப்பில் இருந்த 39ஆம் நியமத்தின்படி, நட்டத்துக்கான ஒரு நிகழ்வு ஏற்கெனவே நடந்ததற்கு அத்தாட்சி இருந்தால்தான் ஏற்பாடு செய்யலாம். நடக்கக்கூடும் என்பதற்காக ஏற்பாடு செய்ய முடியாது. 2012 டிசம்பர் 31இல் எதுவும் நடந்திருக்கவில்லை. ஆகவே அந்தக் கணக்கைப் பிழை என்று சொல்ல இடமில்லை. 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 9 இந்த வழியை மூடியது. கடன் கொடுத்த நாளிலிருந்தே எதிர்பார்க்கும் இழப்பைக் கணக்கிட வேண்டும், அதுவும் ஒரே ஊகத்தில் அல்ல, பல எதிர்காலங்களுக்கு நிகழ்தகவு கொடுத்து. நியாயமான மாற்றம்தான். ஆனால் இதனால் ஏற்பாடு என்ற எண் முகாமைத்துவத்தின் ஊகங்களில் முன்னைவிட அதிகமாகத் தங்கிவிட்டது. பழைய முறையில் ஏற்பாட்டைப் பிந்தச் செய்யலாம். புதிய முறையில் அதை வளைக்கலாம்.

அடைவுக் கடனில் அந்த ஊகங்கள் மூன்று. நூறு பேரில் எத்தனை பேர் மீட்க வரமாட்டார்கள்? வராதவரின் நகையை விற்றால் கையில் என்ன கிடைக்கும்? அது எப்போது கிடைக்கும்? வீட்டுக் கடன், குத்தகைக் கடன் எல்லாவற்றுக்கும் இதே கேள்விகள்தான். ஆனால் அடைவுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. குத்தகைக்கு முச்சக்கரவண்டி எடுத்தவர் மாதத் தவணை தவறினால் அடுத்த மாதமே தெரிந்துவிடும். 30 நாள் பிந்தினால் ஆபத்து கூடிவிட்டது, 90 நாள் பிந்தினால் கடன் முறிந்தது என்று நியமம் வைத்திருக்கும் அனுமானங்கள் அங்கே வேலை செய்யும். ஓராண்டு அடைவில் மாதத் தவணை கிடையாது. முதலும் வட்டியும் ஆண்டு முடிவில் ஒன்றாக வரவேண்டியவை. ஆகவே முதல் பன்னிரண்டு மாதமும் எந்த அடைவும் ‘பிந்தியதாக’ இருக்க முடியாது. 90 நாள் விதிக்குக் காத்திருந்தால் கொடுத்த நாளிலிருந்து பதினைந்தாம் மாதத்தில்தான் முறிவு தெரியும். அதுவரை பட்டியல் சுத்தமாகவே இருக்கும். பிந்தாத கடன் என்பதால் நல்ல கடன் என்று முகாமைத்துவம் சொன்னால், அது தவணைக் கடனுக்குரிய வாதம்.

இத்தகைய மதிப்பீடுகளைச் சோதிக்கக் கணக்காய்வாளருக்கு இருக்கும் நூல் 540ஆம் நியமம். அதன் திருத்திய வடிவம் உலக அளவில் 2019 டிசம்பர் 15இலிருந்தோ அதற்குப் பின்னரோ தொடங்கும் கணக்காண்டுகளுக்கு நடைமுறைக்கு வந்தது. அது மூன்று வழிகளைக் காட்டுகிறது. ஆண்டிறுதிக்கும் கணக்காய்வு அறிக்கையில் ஒப்பமிடும் நாளுக்கும் இடையில் என்ன நடந்தது என்று பார்ப்பது ஒன்று. முகாமைத்துவம் அந்த எண்ணை எப்படிச் செய்தது என்று முறை, ஊகம், தரவு மூன்றையும் பிரித்துச் சோதிப்பது இன்னொன்று. கணக்காய்வாளரே தனக்கென்று ஓர் எண்ணையோ ஒரு வீச்சையோ கணிப்பது மூன்றாவது. முதல் வழி அடைவுக்கு ஓரளவு கைகொடுக்கும். மார்ச் 31இல் முதிர்ந்து நிற்கும் அடைவுகளில் ஜூன் வரை எத்தனை மீண்டன என்று எண்ணிவிடலாம். ஆனால் டிசம்பரில் கொடுத்த கடன் அடுத்த டிசம்பரில் மீளுமா என்பதற்கு ஜூனில் விடை இருக்காது. எனவே மற்ற இரண்டும் தேவைப்படும்.

இனி ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். கம்பனி கற்பனையானது, எண்களும் நான் வைத்தவை. ஆனால் விலைச் சரிவை நாட்டில் நடந்ததை ஒட்டித்தான் வைத்திருக்கிறேன். 2022 மார்ச்சில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆனது. பவுண் விலை பறந்தது, அந்த விலையில் அடைவும் பெருகியது. 2023 நடுப்பகுதியில் டொலர் 300 ரூபாய் அளவுக்கு இறங்கியபோது ரூபாயில் தங்கம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்திருந்தது. 2013இல் டொலர் விலை செய்ததை 2023இல் நாணய மாற்று செய்தது.

நல்லூரில் ஒரு கிளை உட்பட வடக்கில் சில கிளைகள் உள்ள ஒரு நிதிக் கம்பனி. அடைவு நிலுவை வட்டியோடு 600 மில்லியன் ரூபாய். நூறு ரூபாய் நகைக்கு 75 ரூபாய் கடன், வட்டி 16 சதவீதம், ஆகவே முதிரும் நாளில் வரவேண்டியது 87. அதற்குள் நகையின் பெறுமதி 88க்கு இறங்கிவிட்டது. முகாமைத்துவம் சொல்வது இது: 100 பேரில் 6 பேர் மீட்கமாட்டார்கள், அவர்களின் நகையை மூன்று மாதத்தில் ஏலம் விடுவோம், விலை சற்று ஏறி 91 ஆகும், செலவு 2 போகக் கையில் 89. மூன்று மாதம் கழித்து வரும் 89ஐ 16 சதவீதத்தில் கழிவிட்டால் இன்று 85.6. வரவேண்டியது 87, இழப்பு 1.4, அதாவது 1.6 சதவீதம். 600 மில்லியனில் 6 சதவீதம், அதில் 1.6 சதவீதம்: ஏற்பாடு 0.6 மில்லியன் ரூபாய். கணக்காய்வாளர் முக்கியம் என்று கருதும் தொகை 4 மில்லியன். பார்த்தவுடன், இதற்குள் நேரம் செலவழிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். சிறிய எண்ணே சோதனையைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

இப்போது நல்லூர்க் கிளைக்குப் போகலாம். முதற்காரியம் பெட்டகம். முன்னறிவிப்பின்றிச் சென்று, முத்திரையிட்ட பொதிகளில் சிலவற்றைத் தெரிந்து திறந்து, அடைவுச் சீட்டில் உள்ள நிறையோடு தராசு நிறையை ஒப்பிட வேண்டும். உரைகல்லில் உரைத்து அமிலம் விட்டுப் பார்க்க, கிளையின் மதிப்பீட்டாளரை அல்ல, வெளியிலிருந்து ஒருவரை அழைத்துச் செல்ல வேண்டும். கல் பதித்த பதக்கத்தில் கல்லின் நிறை கழிக்கப்பட்டதா, பொடி வைத்து ஒட்டிய இடங்கள் பார்க்கப்பட்டனவா என்பவை சின்ன விடயங்கள் அல்ல. 88 என்ற எண்ணின் அடித்தளமே அதுதான். பொதியில் தங்கம் குறைவாக இருந்தால் மேலே உள்ள நிகழ்தகவுக் கணக்கெல்லாம் காற்றில் நிற்கும்.

அடுத்தது ‘மீட்பு’ என்று பதியப்பட்டவை. முகாமைத்துவத்தின் 6 சதவீதம், 94 சதவீதம் மீண்டன என்ற தரவிலிருந்து வருகிறது. அந்த 94க்குள் என்ன இருக்கிறது? கணினியிலிருந்து இரண்டு பட்டியல் எடுக்க வேண்டும்: மீட்டவை ஒன்று, புதிதாக வைத்தவை ஒன்று. அடையாள அட்டை இலக்கம், நகையின் நிறை, திகதி மூன்றையும் பொருத்தினால், காலையில் ‘மீட்கப்பட்டு’ அதே நாளில் அதே நிறையில் திரும்ப வைக்கப்பட்ட நகைகள் வெளியே வரும். பொதி பெட்டகத்தை விட்டு வெளியே வந்திருக்கவே மாட்டாது. நமது கம்பனியில் இப்படி 100க்கு 5 இருந்ததாக வைப்போம். எல்லாம் கெட்டவை அல்ல. வட்டியைக் காசாகக் கட்டிப் புதுப்பித்தவர் கட்ட வல்லவர். நல்லூர்த் திருவிழாவுக்கு மீட்டு அணிந்துவிட்டு, 25 நாளும் முடிந்த பிறகு திரும்ப வைப்பவரும் அப்படித்தான். அவர் வெளியிலிருந்து காசு கொண்டுவந்திருக்கிறார். பார்க்க வேண்டியது, புதிய கடன் பழைய முதலையும் வட்டியையும் சேர்த்த தொகைக்குச் சமமாகவோ கூடவோ உள்ளவற்றை. அங்கே ஒரு சதமும் வரவில்லை. முறிவு ஓராண்டு தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஐந்தில் மூன்று அத்தகையவை என்றால், உண்மையான முறிவு 6 அல்ல, குறைந்தது 9. மற்ற இரண்டையும் சந்தேகித்தால் 11.

மூன்றாவது ஏலப் பதிவேடு. மூன்று மாதத்தில் விற்போம் என்கிறார்கள். கடந்த ஏலங்களில் முதிர்ந்த நாளுக்கும் காசு வந்த நாளுக்கும் இடையில் எத்தனை மாதம்? அறிவித்தல் கடிதம், கெஞ்சல், தவணை, பத்திரிகை விளம்பரம் எல்லாம் கழிந்து ஏழு முதல் ஒன்பது மாதம் சென்றிருந்தது. இங்கே கிளை முகாமையாளரைக் கேட்டால் அவர் இளம் கணக்காய்வாளருக்குச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: “தம்பி, யாழ்ப்பாணத்தில தாலிக்கொடியை ஆரும் ஏலத்தில போக விடமாட்டினம். பொறுத்துப் பாருங்கோ, வெளிநாட்டில இருக்கிற பிள்ளையள் காசு அனுப்புவினம்.” இதில் பொய் இல்லை. அனுபவத்தில் வந்த பேச்சு. ஆனால் கணக்காய்வாளர் இதிலிருந்து இரண்டு விடயங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இது சோதிக்கக்கூடிய கூற்று: தாலிக்கொடி, காப்பு, சங்கிலி என்று வகை பிரித்து மீட்பு வீதத்தைக் காட்டுங்கள் என்று கேட்கலாம். விலை விழுந்த காலத்தில் தாலிக்கொடி மட்டும் மற்றவற்றைவிடக் கூட மீண்டிருந்தால், அந்த வகைக்குக் குறைந்த முறிவு வீதம் வைக்க நியாயம் உண்டு. எல்லா நகைக்கும் இல்லை. மற்றது, அந்த வாதமே மூன்று மாத ஏலத்தை உடைக்கிறது. பிள்ளைகள் காசு அனுப்பும்வரை பொறுப்போம் என்றால் மூன்று மாதத்தில் எப்படி விற்பீர்கள்? முறிவைக் குறைக்கப் பொறுமையும், காலத்தைக் குறைக்க அவசரமும் ஒரே கடிதத்தில் இருக்க முடியாது.

நான்காவது விலை. இங்கேதான் அனுபவமுள்ளவர்களும் தவறவிடும் ஒரு பிழை இருக்கிறது. முகாமைத்துவத்தின் 91 ஒரு சராசரி. விலை 100 ஆகலாம், 91 ஆகலாம், 82 ஆகலாம், மூன்றும் சமவாய்ப்பு, ஆகவே 91 என்று எடுத்திருக்கிறார்கள். நியாயமாகத் தோன்றும். ஆனால் ஏலத்தில் கடனைவிடக் கூட வந்தால் அந்த மிச்சம் கம்பனிக்கு உரியதல்ல, நகைக்காரருக்கே. குறைந்தால் குறை முழுவதும் கம்பனிக்கு. ஆகவே விலையைச் சராசரியாக்கி இழப்பைக் கணிக்கக்கூடாது. ஒவ்வொரு விலையிலும் இழப்பைக் கணித்து அந்த இழப்புகளைச் சராசரியாக்க வேண்டும். 100 வந்தால் இழப்பு பூச்சியம். 91இல் 1.4. 82இல் 10.1. மூன்றின் சராசரி 3.8. முகாமைத்துவம் சொன்ன 1.4இன் இரண்டரை மடங்குக்கு மேல். வேறு எதையும் தொடாமல், அவர்களின் ஊகங்களையே வைத்துக்கொண்டு, கணக்கின் ஒழுங்கை மட்டும் திருத்தியதன் விளைவு இது. கையில் வரும் 89 ரூபாயை ஏறத்தாழ 86 ஆக்கியதற்குச் சமம். பழைய ஏலங்களில் நகைகள் அன்றைய சந்தை விலைக்குக் கீழே போனதையும், விலை ஏறும் வாய்ப்புக்கும் இறங்கும் வாய்ப்புக்கும் ஒரே நிறை கொடுக்க இயலாததையும் சேர்த்தால் 83 வரை போகலாம்.

இப்போது ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். முறிவை மட்டும் 6இலிருந்து 11 ஆக்கினால் ஏற்பாடு 0.5 மில்லியன் கூடும். ஏலக் காலத்தை மட்டும் மூன்றிலிருந்து ஒன்பது மாதம் ஆக்கினால் 2.5 கூடும். கையில் வரும் விலையை மட்டும் 83 ஆக்கினால் 2.4. தனித்தனியே எடுத்தால் ஒன்றும் 4 மில்லியனை எட்டவில்லை. கணக்காய்வுக் கோப்பில் ஒவ்வொரு ஊகத்துக்கும் ஒரு தாள் இருக்கும், ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘வேறுபாடு முக்கியமல்ல’ என்று எழுதி ஒப்பமிட்டிருப்பார்கள். மூன்றையும் சேர்த்துக் கூட்டினாலும் 5.4தான். ஆனால் இவை கூடுபவை அல்ல, பெருகுபவை. மூன்றையும் ஒருங்கே மாற்றினால் ஏற்பாடு 9.8 மில்லியன் ஆகிறது. முகாமைத்துவத்தின் எண்ணைப்போல் பதினாறு மடங்கு. மென்மையான பக்கத்தில் நின்று, முறிவு 9, காலம் ஏழு மாதம், விலை 86 என்று வைத்தாலும் 5.2 வருகிறது.

540 சொல்லும் வீச்சு இப்படித்தான் பிறக்கிறது: 5.2 முதல் 9.8 வரை. முகாமைத்துவத்தின் 0.6 அந்த வீச்சுக்கு வெளியே நிற்கிறது. பிழையென்று பதிய வேண்டியது வீச்சின் அண்மைய முனைக்கு உள்ள தூரம், அதாவது குறைந்தது 4.6 மில்லியன். 4ஐத் தாண்டிவிட்டது. திருத்துங்கள், இல்லையேல் அறிக்கையை மாற்ற வேண்டிவரும் என்று பணிப்பாளர் சபையிடம் சொல்லக் கணக்காய்வாளருக்குக் கையில் ஓர் எண் கிடைத்துவிட்டது. அந்த எண் இல்லாமல், ‘ஊகங்கள் சற்று நம்பிக்கை மிகுந்தவையாக உள்ளன’ என்று எழுதுவது யாரையும் அசைக்காது. வீச்சை அளவுக்கு மீறி அகலமாக்குவதும் அதே வேலையைத்தான் செய்யும். 0.5 முதல் 12 வரை எதுவும் நியாயம் என்று சொல்லும் கணக்காய்வாளர் எதையும் சோதிக்கவில்லை. வீச்சின் இரு முனையும், அதற்குள் வரும் ஒவ்வோர் எண்ணும் தன் சான்றோடு நிற்க வேண்டும்.

பிழை இருப்பது தெரிந்தது. பக்கச்சார்பு இருக்கிறதா? இரண்டும் ஒன்றல்ல. ஊகங்களில் சில ஏற்பாட்டைக் கூட்டும் பக்கமும் சில குறைக்கும் பக்கமும் தவறியிருந்தால் அதைக் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். இங்கே எல்லாம் ஒரே பக்கம் சரிந்திருக்கின்றன. முறிவு குறைவு, காலம் குறைவு, விலை கூட. தனித்தனியே ஒவ்வொன்றுக்கும் வாதம் உண்டு. சேர்த்துப் பார்க்கும்போது திசை தெரிகிறது. இப்படிச் சேர்த்துப் பார்க்கச் சொல்வதுதான் நியமத்தின் மிகப் பெறுமதியான வரி என்பது என் எண்ணம். அதன்பின் கேட்க வேண்டியவை நேரடியானவை. இந்த ஆண்டு ஊகத்தை மாற்றினார்களா, மாற்றியிருந்தால் எப்போது, வரைவு இலாபம் தெரிவதற்கு முன்னரா பின்னரா? இலாபம் எந்த எல்லைக்கு அருகில் நிற்கிறது: மூலதனத் தேவைக்கா, முகாமையாளர்களின் ஊக்கத்தொகைக்கா, கடன் தந்த வங்கியோடு செய்த உடன்படிக்கைக்கா? கணினி மாதிரி கொடுத்த எண்ணுக்கு மேல் ‘முகாமைத்துவச் சரிக்கட்டல்’ என்று ஒரு வரி இருந்தால், அதை யார் கேட்டார், எந்தக் கூட்டத்தில், எந்தத் தாளை வைத்து? மின்னஞ்சல்களின் திகதி சில வேளை ஊகங்களைவிட அதிகம் பேசும். ஏமாற்றும் எண்ணம் தெரிந்தால் அது பக்கச்சார்பு என்ற நிலையைத் தாண்டி மோசடியாகிவிடும். அங்கே கணக்காய்வாளரின் கடமையே மாறிவிடுகிறது.

இன்னொரு கருவி, பின்னோக்கிப் பார்ப்பது. சென்ற ஆண்டு செய்த ஏற்பாட்டையும் இந்த ஆண்டு உண்மையில் வந்த இழப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். வேறுபாடு இருப்பதே குற்றம் அல்ல. 2012 டிசம்பரில் எவரும் 2013 ஏப்ரலை அறிந்திருக்கவில்லை. பின்னர் தெரிந்ததை வைத்து அன்றைய தீர்ப்பைத் திட்டுவது நியாயமாகாது. பார்க்க வேண்டியது அன்று கையில் இருந்த தகவலைப் பயன்படுத்தினார்களா என்பது. நமது கம்பனியில் ஏலப் பதிவேடு அலுமாரியிலேயே இருந்தது. ஏழு மாதம், ஒன்பது மாதம் என்று ஒவ்வோர் ஆண்டும் அதில் எழுதப்பட்டிருக்க, மாதிரியில் மட்டும் மூன்று மாதம் நின்றது. அதை எதிர்காலம் தெரியாமையில் சேர்க்க முடியாது.

சார்பு எப்போதும் குறைக்கும் பக்கமே போகும் என்று எண்ணிவிடவும் கூடாது. இலாபம் நிறைந்த ஆண்டில் ஏற்பாட்டைக் கூட்டி ஒளித்து வைத்து, மெலிந்த ஆண்டில் மெல்ல விடுவிப்பதும் அதே நோய். இதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் கூடுதல் ஏற்பாட்டைப் பார்த்தால் கணக்காய்வாளரின் மனமும் ஆறுதல் அடைகிறது. 2022 ஏப்ரல் 12இல் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. அதன்பின் நாட்டின் சர்வதேச இறையாண்மை முறிகளை வைத்திருந்த வங்கிகள் பெரும் ஏற்பாடுகள் செய்தன. 2024 டிசம்பரில் முறி மாற்றம் முடிந்ததும் பல வங்கிகள் அந்த ஏற்பாடுகளில் பெரும் பகுதியை இலாபத்துக்குத் திருப்பின. திருப்பியதை மட்டும் வைத்து முன்னர் மிகையாகச் செய்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. பேச்சுவார்த்தை எங்கே முடியும் என்று 2022இல் எவருக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வோர் ஆண்டிறுதியிலும் அன்று தெரிந்த நிபந்தனைகளோடு அந்தச் சதவீதம் பொருந்தியதா என்று கேட்பதற்கு இந்த வரிசை நல்ல பாடப் பொருள்.

இவ்வளவு செய்தாலும் முகாமையாளரின் மனதுக்குள் என்ன இருந்தது என்பதைக் கணக்காய்வாளர் அறிய முடியாது. அவருக்கும் தன் சார்பு உண்டு. பல ஆண்டுகளாக அதே கம்பனிக்குப் போய் வருபவருக்கு, சென்ற ஆண்டு ஏற்றுக்கொண்ட மூன்று மாதத்தை இந்த ஆண்டு மறுப்பது தன் சொந்தக் கோப்பை மறுப்பதாகும். வீச்சைத் தானே கணிக்க வேண்டியிருக்கும்போது முகாமைத்துவத்தின் எண்ணை முதலில் பார்த்துவிட்டால், அந்த எண்ணைச் சுற்றித்தான் வீச்சும் வளரும். ஆகவே சில குழுக்கள் தம் கணிப்பை முடிக்கும்வரை கம்பனியின் விடையைத் திறப்பதில்லை. நல்ல வழக்கம், ஆனால் மார்ச் முடிந்து அறிக்கைக்கு நாள் நெருங்கும்போது முதலில் கைவிடப்படுவதும் அதுதான்.

வைப்பிட்ட காசைப் பற்றிக் கவலைப்படும் ஒருவர் வெளியிலிருந்து இதில் எதைப் பார்க்க முடியும்? பதிப்பித்த ஆண்டறிக்கையில் கணக்காய்வாளரின் அறிக்கையில் ‘முக்கிய கணக்காய்வு விடயங்கள்’ என்று ஒரு பகுதி இருக்கும். இலங்கை வங்கிகளின் அறிக்கைகளில் கடன் இழப்பு ஏற்பாடு அங்கே வழக்கமாக இடம்பெறும். அதில் நடைமுறைகளின் பட்டியலைவிட, கம்பனி குறிப்புகளில் தரும் உணர்திறன் அட்டவணை பயன் கூடியது. ஊகம் ஒன்று மாறினால் ஏற்பாடு எவ்வளவு மாறும் என்று அது சொல்லும். பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு ஊகத்தைத்தான் அசைத்துக் காட்டுவார்கள். மேலே பார்த்த 0.5, 2.5, 2.4 போன்ற அடக்கமான எண்கள்தான் அங்கே இருக்கும், 9.8 இருக்காது. பொதுக்கூட்டத்தில் பங்குதாரர் ஒருவர் எழுந்து, மூன்றும் ஒன்றாக மாறினால் என்ன என்று கேட்கலாம்.

2025 ஒக்டோபரில் தங்கம் அவுன்ஸ் 4,000 டொலரைக் கடந்தது. இத்தகைய உச்சி விலையில் கொடுக்கும் அடைவுக்கு அன்றைய ஈடு தாராளமாகவே போதும். இழப்பு பூச்சியம் என்று மாதிரி சொல்லும், தரவும் ஒத்துக்கொள்ளும். 2012 முடிவில் இருந்த தரவும் அப்படித்தான் இருந்தது. இந்த ஆண்டுக் கோப்பைத் திறக்கும் கணக்காய்வாளர் முதலில் கேட்டு வாங்க வேண்டிய தாள் கிளை வாரியான ஈட்டு விகிதம், அதுவும் சராசரியாக அல்ல. 600 மில்லியனில் கடைசி ஆறு மாதத்தில் உச்சி விலையில் கொடுத்தவை எவ்வளவு, அவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் கொடுத்தவை எவ்வளவு என்று. ஐந்து வருடத்துக்கு முன்னர் வைத்து இன்னும் புதுப்பிக்கும் பழைய நகைகளின் ஈடு மிக உயர்ந்து நிற்கும். அவை சராசரியைத் தாழ்த்திக் காட்டும். ஆனால் அந்தப் பழைய நகையின் மிச்சம் புதுக் கடனின் குறையை நிரப்பாது. அது அதன் சொந்தக்காரருடையது.